சூம் கருத்தரங்கின் கடைசி ஐந்து நிமிடம்: நன்றியை யார் சொல்வது, எப்போது சொல்வது?

போன ஜூலையில் எங்கள் வாசகர் வட்டம், மலையகத் தோட்டங்களில் ரதி–மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தைப் பற்றி ஓர் இணையவழிக் கருத்தரங்கு நடத்தியது. நெறியாளர் நான். ஹட்டனில் என் வீட்டு முன்னறைதான் மேடை. பேச்சாளர்கள் மூவர். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பல வருடங்கள் ரதி வேடம் கட்டிய பெரியவர் ஒருவர், சென்னையிலிருந்து ஓர் ஆய்வாளர், டொரொண்டோவிலிருந்து ஒரு பேராசிரியர். மாலை ஆறரைக்குத் தொடக்கம். நமக்கும் சென்னைக்கும் ஒரே நேரம், டொரொண்டோவில் அப்போது காலை ஒன்பது. ஆகவே நேரத்தைப் பற்றி யாருக்கும் முறைப்பாடு இல்லை.

முறைப்பாடு வந்தது நன்றியுரையைப் பற்றி. நான்கு நாள் முன்பு வட்ஸ்அப் குழுவில் மூன்று கட்சி உருவாகிவிட்டது. நன்றியுரைக்குத் தனியாக ஒருவரைப் போட வேண்டும் என்றார் எங்கள் செயலாளர், மண்டபக் காலத்து வழக்கப்படி. நெறியாளரே கடைசியில் பட்டியலை வாசித்து முடிக்கட்டும் என்றார்கள் சிலர். நன்றியைத் துண்டுதுண்டாகக் கூட்டத்துக்குள்ளேயே சொல்லிவிட்டு, முடிவில் இரண்டே நிமிடத்தில் வணக்கம் வைக்கலாம் என்றேன் நான். மூன்றையும் வெவ்வேறு கூட்டங்களில் பார்த்தவன் என்பதால், எது எங்கே சரிவரும், எங்கே சறுக்கும் என்று எழுதி வைக்கிறேன்.

தனியாள் நன்றியுரைக்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. நெறியாளர் தனக்குத் தானே நன்றி சொல்லிக்கொள்ள முடியாது. இரண்டு மணித்தியாலம் கூட்டத்தை ஓட்டியவரின் பெயர் எவர் வாயிலிருந்தும் வராமல் கூட்டம் முடிவது பார்க்க நன்றாக இருக்காது. இளைஞர் ஒருவருக்குப் பேசப் பழக்கம் கொடுக்கவும், மூத்த உறுப்பினர் ஒருவரைக் கௌரவிக்கவும் அது ஓர் இடம். மண்டபத்தில் இது ஒழுங்காக நடக்கும். ஆள் எழுந்து வருவார், மைக் ஏற்கெனவே உயிரோடு இருக்கும், கதவு தூரத்தில் இருப்பதால் கூட்டமும் உட்கார்ந்திருக்கும்.

சூமில் அதே மனிதர் ஒலிவாங்கியைத் திறக்கவே அரை நிமிடம் போகும். "கேட்குதா? நான் பேசுறது கேட்குதா?" என்று ஒரு பாட்டம். அதைவிடப் பெரிய சிக்கல், நன்றியுரை முன்கூட்டியே எழுதப்படுவது. எங்கள் பழைய கூட்டம் ஒன்றில் நன்றியுரைக்குப் போட்டிருந்த நண்பர் பூண்டுலோயாவில் இருந்தார். மழையில் இணைப்பு விட்டு விட்டு வந்ததால் கூட்டத்தின் பாதியை அவர் கேட்கவே இல்லை. முடிவில் உள்ளே வந்தவர், அன்று உடல்நலமில்லாமல் வராமலே போன பேச்சாளரின் "ஆழமான உரைக்கு" மனமார நன்றி சொன்னார். அவரில் தப்பில்லை. எழுதி வைத்த தாளில் அப்படித்தான் இருந்தது.

ஆகவே தனியாளைப் போடுவதென்றால் ஒரு நிபந்தனை வேண்டும். அவர் முதல் நிமிடத்திலிருந்து உள்ளே இருக்க வேண்டும், பேச்சாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி காலியாக விட்டு எழுதி, கேட்கக் கேட்க நிரப்ப வேண்டும். இணைப்பு உறுதியான இடத்தில் இருப்பவராகவும் இருக்க வேண்டும். மலைநாட்டில் இந்தக் கடைசி நிபந்தனையே பாதிப் பேரைக் கழித்துவிடும். பாடசாலையோ சங்கமோ மண்டபத்தில் ஆட்களை உட்கார வைத்து, கூடவே சூமிலும் விடுகிற கூட்டமென்றால் நான் இன்றைக்கும் தனியாளுக்குத்தான் கை தூக்குவேன். எல்லாரும் அவரவர் வீட்டில் இருக்கும் கூட்டத்துக்கு வேண்டாம்.

நெறியாளரே எல்லாவற்றையும் முடிவில் வாசிக்கும் முறைதான் அதிகம் நடப்பது. அது பாதுகாப்பானது என்று தோன்றும், பெயர் விடுபடாது என்று. எங்கள் பட்டியலில் 19 பெயர் இருந்தது. பட்டம், பெயர், செய்த வேலை என்று நிதானமாக வாசித்தால் ஒரு பெயருக்கு ஆறு விநாடி பிடிக்கும். அப்படியானால் மொத்தம் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, மோசமில்லை. ஆனால் எவரும் அப்படி வாசிப்பதில்லை. "தமது பல்வேறு பணிகளுக்கு மத்தியிலும் எமது அழைப்பை ஏற்று" என்று தொடங்கினால் ஒவ்வொருவருக்கும் பதினைந்து விநாடி. 19 பேருக்கு ஐந்து நிமிடத்தை எட்டிவிடும்.

அந்த ஐந்து நிமிடம் எந்த ஐந்து நிமிடம் என்பதுதான் இங்கே முக்கியம். கேள்வி நேரம் முடிந்து "சரி, நிறைவுக்கு வருகிறோம்" என்ற சொல் விழுந்த கணத்தில் பங்கேற்பாளர் பட்டியலைத் திறந்து பாருங்கள். எண்ணிக்கை படிக்கட்டு மாதிரி இறங்கும். மண்டபத்தில் நன்றியுரையின்போது எழுந்து போக வெட்கம் தடுக்கும். சூமில் ஒரு பொத்தான்தான், யாரும் பார்க்கப் போவதில்லை. நம் மரபுப்படி நன்றியின் வரிசை என்ன? தலைவர், பேச்சாளர்கள், அனுசரணையாளர், ஏற்பாட்டுக் குழு, எல்லாருக்கும் பின்னால் "மேலும் தொழில்நுட்ப உதவி வழங்கியவர்களுக்கும்". அதாவது கூட்டத்தைத் தூக்கி நிறுத்தியவர்களின் முறை வரும்போது, கேட்பதற்கு இருப்பவர்கள் அவர்கள் மட்டும்தான். பெயர்கூடச் சொல்லாமல் "வழங்கியவர்களுக்கும்" என்று பன்மையில் கரைத்துவிடுவதும் அங்கேதான். அப்புறம் "யாருடைய பெயராவது விடுபட்டிருந்தால் மன்னிக்கவும்" என்று ஒரு வரி. யாரோ ஒருவரை விட்டுவிட்டோம் என்று நமக்கே தெரியும்போதுதான் அந்த வரி வரும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

என் கட்சியான மூன்றாவது முறையில் நன்றி மூன்று இடத்தில் விழும். பேச்சாளருக்கு அவர் பேசி முடித்த உடனே, ஒரே வாக்கியம். திரைக்குப் பின்னால் இருப்பவர்களுக்குக் கேள்வி நேரம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, கூட்டம் நிறைந்திருக்கும்போதே. ஏற்பாட்டாளர்களுக்கும் கேட்டவர்களுக்கும் முடிவில், சுருக்கமாக.

இதற்கும் விலை உண்டு. நெறியாளர் தலையைக் குனிந்து தாளைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பேச்சைக் கேட்டு, அதில் ஒன்றைப் பிடித்து, உடனே சொல்ல வேண்டும். பெரியவர் பேசியபோது, கம்பம் ஊன்றிய நாளிலிருந்து காமன் தகனம் வரை ரதி வேடக்காரர் வீட்டில் என்ன சமைப்பார்கள் என்று போகிற போக்கில் ஒன்று சொன்னார். நான் அதையே பிடித்துக்கொண்டேன். "ஐயா, ரதியின் அழுகையை மட்டுமில்லாமல் ரதி வீட்டு அடுப்பையும் காட்டினீர்கள், நன்றி." அவ்வளவுதான், ஆறேழு விநாடி. "மிகச் சிறப்பான உரை" என்பதை முதல் நாளே எழுதி வைக்கலாம். இதை எழுதி வைக்க முடியாது. பேசியவருக்கும் அந்த வித்தியாசம் தெரியும்.

எங்கள் செயலாளர் இதில் ஒரு நியாயமான எதிர்ப்பு வைத்தார். பழைய தலைமுறைப் பேச்சாளர்கள் முடிவில் தங்கள் பெயர் வரும் என்று காத்திருப்பார்கள், வராவிட்டால் மனத்தாங்கல் ஆகும் என்றார். உண்மை. அதனால் முடிவிலும் மூன்று பெயரையும் ஒரே மூச்சில் சொல்வதென்று முடிவு செய்தோம், பெயர் மட்டும், அடைமொழி இல்லாமல்.

அடைமொழி என்றவுடன் ஒன்று. பேச்சாளரை எப்படி அழைப்பது என்பதை அவரிடமே கேளுங்கள். பேராசிரியரைத் "திரு" என்று சொல்லிவிட்டுத் தவிப்பதை நான் பார்த்திருக்கிறேன். மஸ்கெலியாப் பெரியவரிடம் கேட்டபோது, பெயருக்கு முன்னால் எதுவும் வேண்டாம், தோட்டத்துப் பெயரைச் சொன்னால் போதும் என்றார். நாங்கள் "கலைஞர்" என்று போட்டிருந்தோம், வெட்டிவிட்டோம்.

இனி திரைக்குப் பின்னால். இவர்களுக்கு நன்றி சொல்வது ஏன் எப்போதும் மொட்டையாக வந்து விழுகிறது? அவர்கள் செய்த வேலை என்னவென்று நெறியாளருக்கே தெரியாததால்தான். எங்களிடம் நான்கு பேர் இருந்தார்கள். காத்திருப்பு அறையிலிருந்து ஆட்களை உள்ளே விட ஒருவர், ஒலிப்பதிவையும் பேஸ்புக் நேரலையையும் பார்த்துக்கொள்ள ஒருவர், படங்களையும் அரட்டைப் பெட்டியில் வரும் கேள்விகளையும் கவனிக்க ஒருவர், ஒலிக்கு ஒரு தம்பி.

ஒலிக்குத் தனியாக ஆள் எதற்கு என்று நானே கேட்டவன்தான். காலையில் ஒத்திகை பார்த்தபோது பெரியவரின் பேரன் தப்பு மேளத்தை எடுத்து அடித்துக் காட்டினான். எங்களுக்கு முதல் அடி கேட்டது, பிறகு ஒன்றுமில்லை. கையசைவு தெரிகிறது, சத்தம் இல்லை. சூம் மனிதக் குரலை வைத்துக்கொண்டு மற்றதை இரைச்சல் என்று அமுக்கிவிடும். அதன் கணக்கில் தப்பும், கதவு அடிபடும் சத்தமும், நாய் குரைப்பும் ஒன்றுதான். அந்தத் தம்பி பெரியவரின் போனிலுள்ள அமைப்புக்குள் அவர்களை ஒவ்வொரு படியாக வழிநடத்தி, Original sound என்பதைத் திறக்க வைத்தான். பிறகு தப்பு வந்தது. ஆனால் கூரைத் தகரத்தில் விழுந்த மழையும் சேர்ந்து வந்தது. ஆகவே பேசும்போது அதை மூடுவது, அடிக்கும்போது திறப்பது என்று பேரனோடு ஒரு கை அடையாளம் பேசி வைத்துக்கொண்டார்கள். மாலையில் நான் சொன்ன நன்றி இது: "நீங்கள் சற்று முன் கேட்ட தப்பின் ஒலியைக் காலையில் சூம் விழுங்கிவிட்டது. அதை மீட்டுத் தந்தது இந்தத் தம்பி." உடனே அரட்டைப் பெட்டியில், எப்படி மீட்டான் என்று இரண்டு பேர் கேட்டார்கள். தொழில்நுட்ப உதவிக்குச் சொன்ன நன்றிக்குக் கேள்வி வந்து நான் பார்த்தது அன்றுதான்.

இதற்காக ஒத்திகை முடிந்ததும் நான்கு பேரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதிக்கொண்டேன். "இன்றைக்கு நீங்கள் இல்லாவிட்டால் எது நடந்திருக்காது?" ஐந்து நிமிட வேலை.

முகத்தைக் காட்டுவதா என்பது அடுத்த கேள்வி. பேசுகிறவரின் முகம்தான் திரையில் பெரிதாக வரும் என்பதால், வாயைத் திறக்காத உதவியாளர் பதிவில் எங்குமே இருக்கமாட்டார். Spotlight போட்டால் எல்லார் திரையிலும் அவர் வருவார். Pin என்பதை அழுத்திவிட்டு எல்லாருக்கும் தெரிகிறது என்று நினைத்துப் பேசினால், அது நம் திரையில் மட்டும்தான். ஆனால் கேட்காமல் போடாதீர்கள். எங்கள் ஆட்களில் ஒருவர் அடுப்படியில், வீட்டு உடுப்பில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்களை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். பெயர் போதும், முகம் வேண்டாம் என்றார். பிளையர் செய்த தங்கச்சிக்கோ பெயரும் வேண்டாம், பேஸ்புக்கில் வீட்டார் பார்ப்பார்கள் என்றாள். "அழைப்பிதழை வடிவமைத்த எங்கள் தங்கை" என்று சொன்னேன். பகிரங்கமாகப் பெயர் சொல்வது எல்லாருக்கும் பரிசாக இருக்காது.

கேள்வி நேரத்துக்கு முன்பே நன்றி சொல்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது, அதை நான் அனுபவித்தேன். ஏழே முக்காலுக்கு, "தடங்கலில்லாமல் கொண்டுபோகும்" இந்த நால்வருக்கும் என்று பெருமையாகச் சொல்லி முடித்தேன். நான்கு நிமிடம் ஆகவில்லை, கரண்ட் போய்விட்டது. 2022 மின்வெட்டுக் காலத்தில் ரவுட்டருக்கென்று வாங்கிய சின்ன யூபிஎஸ் ஒன்று இருந்தது. அதன் பட்டரி கிழடாகிவிட்டது என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் போன் டேட்டாவில் திரும்பி உள்ளே வர மூன்று நிமிடம் ஆனது. கூட்டம் கலையவில்லை. பண்டாரவளையில் இருந்த தம்பியை ஏற்கெனவே துணை ஹோஸ்ட் ஆக்கியிருந்ததால், நான் விழுந்ததும் பொறுப்பு அவனிடம் போய், அடுத்த கேள்வியை அவனே வாசித்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அந்த நன்றியில் "இதுவரை" என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்கிறேன். முடிவில் இன்னும் ஒரு வாக்கியத்துக்கு இடம் விட்டும் வைக்கிறேன்.

எங்கள் பட்டியலில் இருந்த உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. பெரியவரின் லயத்து வீட்டில் சிக்னல் வருவது ஒரே ஒரு ஜன்னலோரத்தில். அங்கே போனைச் சாத்தி வைக்க இடமில்லை. பேரன்தான் கையில் பிடித்துக்கொண்டு நின்றான், தாத்தா பேசிய இருபத்தைந்து நிமிடமும், பிறகு கேள்வி நேரம் முழுவதும். ஏற்பாட்டுக் குழுவின் பட்டியலில் அவன் இல்லை, ஏனென்றால் அவன் குழுவில் இல்லை. பேச்சாளர் பக்கம் இருந்து உதவுகிறவர்கள் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார்கள். பேச்சாளரை உறுதிப்படுத்தும்போதே, "அன்றைக்கு உங்கள் பக்கத்தில் யார் இருப்பார்கள், பெயர் சொல்லலாமா?" என்று கேட்டுவிடுங்கள். நான் அன்று கேட்டிருக்கவில்லை. படத்தில் விரல் நுனி ஒன்று அடிக்கடி தெரிந்ததால்தான் கண்டுபிடித்தேன்.

பெயர்களைத் திரையில் ஒரு படமாகப் போட்டுவிட்டால் வாசிக்கவே வேண்டாமே என்று கேட்டவர்களும் உண்டு. தோட்டங்களில் பெரும்பாலானோர் போனில் பார்க்கிறார்கள். ஒரு படத்தில் ஏழெட்டுப் பெயருக்கு மேல் போட்டால் அது பூச்சிக் கூட்டம்தான். அரட்டைப் பெட்டியில் ஒட்டினால் பேஸ்புக்கில் பார்ப்பவர்களுக்குப் போகாது. முழுப் பட்டியலுக்கு நேரலைப் பதிவின் கீழேயுள்ள விவரக் குறிப்பு நல்ல இடம். அங்கே 19 பெயரும் எழுத்துப் பிழை பார்த்துப் போடலாம், விடுபட்டால் மறுநாள் சேர்க்கலாம். வாயால் சொல்வதை அதைக் கொண்டு குறைக்கலாம், முற்றாக நிறுத்த முடியாது.

கைதட்டுக்காக எல்லாருடைய ஒலிவாங்கியையும் திறந்துவிடுவதை நான் விட்டுவிட்டேன். தப்பையே விழுங்கிய சூம் கைதட்டை விட்டுவைக்குமா? அரைகுறையாகக் கேட்கும், கூடவே யாரோ வீட்டுத் தொலைக்காட்சி வரும். கைதட்டும் குறியைப் போடச் சொல்லி, அவை திரையில் நிற்கும் சில விநாடிகள் நானும் பேசாமல் இருப்பேன்.

கடைசியில், எட்டே காலுக்கு நான் சொன்னது முழுவதும் இதுதான். பெயர்களை மட்டும் எடுத்துவிடுகிறேன்:

"மூன்று பேச்சாளர்களுக்கும் மீண்டும் எங்கள் நன்றி. திகதி குறித்ததிலிருந்து இன்று காலை வரை தொலைபேசியும் கையுமாக நின்ற செயலாளருக்கும், ஏற்பாட்டுக் குழுவுக்கும், அழைப்பிதழை வடிவமைத்த எங்கள் தங்கைக்கும் நன்றி. நான் காணாமல் போன மூன்று நிமிடமும் உங்களை ஒரு தம்பி பார்த்துக்கொண்டான், அவனுக்கு என் தனிப்பட்ட நன்றி. தாத்தாவின் முகம் நமக்குத் தெரிய இவ்வளவு நேரமும் ஜன்னலோரம் கையில் போனோடு நிற்கிற பேரனுக்கு எல்லாரும் ஒரு கைதட்டுக் குறி போடுங்கள். கேள்வி கேட்டவர்களுக்கும், கடைசிவரை இருந்த உங்களுக்கும் வணக்கம்."

வாசித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். எனக்கு நன்றி சொல்லும் பிரச்சினையையும் தீர்த்துவிட்டோம். இதற்குப் பிறகு செயலாளர் தன் ஒலிவாங்கியைத் திறந்து ஒரே வாக்கியம் சொன்னார், அவர் கேட்ட தனியாள் நன்றியுரையில் மிஞ்சியது அதுதான்.

வணக்கம் சொன்னவுடன் யாரும் எதையும் அமர்த்தவில்லை. பேஸ்புக் நேரலை சில விநாடி பின்தங்கி ஓடும், அவசரப்பட்டால் கடைசி வாக்கியம் பாதியில் அறுபடலாம். பதிவும் நேரலையும் நின்றுவிட்டன என்று தம்பி சொல்லும்வரை எல்லாரும் சிரித்த முகத்தோடு காத்திருந்தோம். அவன் "சரி, முடிஞ்சுது" என்றதும் மஸ்கெலியாவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சேர், இனி போனைக் கீழ வைக்கலாமா?"